ஒரு டிக், நான்கு பட்டுவாடா: பினாங்குக் கடை ஒன்றில் 45,670 ரிங்கிட் போன வழி

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் மிளகாய், மல்லி, சீரகம் மொத்தமாக விற்கும் கடை அது. நாசி கண்டார் கடைகளும் கல்யாணச் சமையல் எடுப்பவர்களும்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். காய்ந்த மிளகாய் கிள்ளானில் உள்ள ஓர் இறக்குமதியாளரிடமிருந்து வருகிறது. பல வருடப் பழக்கம், முப்பது நாள் கடன். ஒரே மாதத்தில் அந்த இறக்குமதியாளருக்குப் போக வேண்டிய 45,670 ரிங்கிட் வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டது. கடையின் வங்கிக் கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. போலி பில் ஒன்றுகூட வரவில்லை. நான்கு பட்டுவாடாவையும் கடைக்காரர்களே செய்தார்கள், அதில் மூன்றுக்கு முதலாளியின் ஒப்புதலை வங்கி கேட்கவே இல்லை.

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். பணம் போன பிறகு என்ன நடந்தது என்று வரிசைப்படுத்தித் தரச் சொல்லி இந்தக் கடை கூப்பிட்டது. கடை, வங்கி, இறக்குமதியாளர் மூவரின் பெயரும் இங்கே வேண்டாம். விஷயம் பெயரில் இல்லை, வங்கிச் செயலியில் இருக்கும் ஒரு சின்ன டிக் பெட்டியில் இருக்கிறது.

கடையில் பணம் எப்படி வெளியே போகும்

கடைக்கு வணிகக் கணக்கு. அதில் இரண்டு பேருக்கு நுழைவு உண்டு. கணக்கு பார்க்கும் பெண் பட்டுவாடாவைத் தட்டி அனுப்புவார், முதலாளி தன் கைப்பேசி ஆப்பில் ஒப்புதல் கொடுப்பார். முன்பு இந்த ஒப்புதல் குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எண்ணாக இருந்தது. குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்ன பிறகு, பதிவு செய்த ஒரே கைப்பேசியில் ஆப் வழியாக ஒப்புதல் என்று ஆனது.

மொத்த வியாபாரத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பட்டுவாடா சாதாரணம். லாரிக்காரர், சாக்குக்காரர், பிளாஸ்டிக் பை, மின்சாரம், பல ஊர்ச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் முதலாளியின் கைப்பேசி அதிர்ந்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாளிலிருந்து பார்க்காமலே அழுத்துவார். அதைத் தவிர்க்கத்தான் வங்கிகள் நம்பகமான பெறுநர் பட்டியல் வைத்திருக்கின்றன. இங்கே எல்லோரும் அதை ஃபேவரிட் என்பார்கள். ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும்போது முழுச் சோதனை நடக்கும், அதன் பிறகு அவருக்குப் போகும் பணத்துக்குக் கூடுதல் ஒப்புதல் கிடையாது. வரம்புக்குள் இருந்தால் நேராகப் போய்விடும்.

இந்தக் கடையில் அந்த வரம்பு ஒரு நாளைக்கு 20,000 ரிங்கிட். வரம்பை உயர்த்தியது முதலாளிதான். இரண்டு வருடம் முன்பு தீபாவளிச் சரக்குக்காக ஏற்றினார், அப்புறம் இறக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் ஒரு நல்ல தடுப்பும் இருக்கிறது. கணக்கு பார்ப்பவரின் கடவுச்சொல் திருடன் கையில் சிக்கினால்கூட, முதலாளியின் ஒப்புதல் இல்லாமல் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் அவனால் பணம் அனுப்ப முடியும். லாரிக்காரருக்கும் மின்சார வாரியத்துக்கும் பணம் கட்டித் திருடனுக்கு என்ன லாபம்? அதனால் கெட்டிக்காரத் திருடன் பட்டுவாடாவைக் குறி வைப்பதில்லை. பட்டியலில் பெயர் ஏறும் அந்த ஒரு நிமிடத்தைக் குறி வைக்கிறான்.

மின்னஞ்சல்

மாதத் தொடக்கத்தில் கிள்ளான் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. போலி முகவரி இல்லை, அவர்களுடைய அசல் முகவரியேதான். பழைய பில் ஒன்றைப் பற்றிய உரையாடலின் தொடர்ச்சியாகவே வந்தது. அவர்களுடைய அஞ்சல் பெட்டிக்குள் யாரோ புகுந்து உட்கார்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. “எங்கள் பழைய கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இனி இந்தப் புதிய கணக்கில் கட்டுங்கள்” என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். கீழே ஒரு வரி: “முதலில் சின்ன பில் ஒன்றை மட்டும் கட்டிப் பாருங்கள், வந்ததும் உறுதி செய்கிறோம்.”

அந்தக் கடைசி வரிதான் கணக்கு பார்த்த பெண்ணை முழுதாக நம்ப வைத்தது. மோசடிக்காரன் ஏன் சின்னத் தொகை கேட்கப் போகிறான்? “நானே அப்படித்தான் அண்ணே செய்யச் சொல்லியிருப்பேன்” என்று என்னிடம் சொன்னார். உண்மைதான். புதுக் கணக்குக்கு முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம் என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தையே அவன் கருவியாக எடுத்துக்கொண்டான்.

நான்காம் தேதி

மல்லி பாக்கிக்கு 1,180 ரிங்கிட் பில் ஒன்று இருந்தது. அந்தப் பெண் புதுக் கணக்கு எண்ணைத் தட்டினார். வங்கிகளுக்கு இடையே உடனே பணம் அனுப்பும் டுயிட்நவ் வழியாக அனுப்பும்போது, பணம் போகும் முன்பே கணக்குக்காரரின் பதிவுப் பெயர் திரையில் வரும். அன்றும் வந்தது. முதல் சொல் கிள்ளான் நிறுவனத்தின் முதல் சொல்லேதான். ஆனால் பெயர் ‘எண்டர்பிரைஸ்’ என்று முடிந்தது. அசல் நிறுவனம் ஒரு செண்டிரியான் பெர்ஹாட்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், சின்னது இல்லை. செண்டிரியான் பெர்ஹாட் என்பது நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான தனி நிறுவனம். எண்டர்பிரைஸ் என்பது பெரும்பாலும் தனி ஆளோ இரண்டு பங்காளிகளோ வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் எடுக்கும் பெயர். யாராவது ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்து வங்கிக் கணக்கு திறப்பது பெரிய வேலை இல்லை. செண்டிரியான் பெர்ஹாட்டாக இருக்கும் நிறுவனம் திடீரென்று எண்டர்பிரைஸ் கணக்குக்குப் பணம் கேட்டால் அதற்கு விளக்கம் வேண்டும். அந்தப் பெண்ணும் பெயரைப் பார்த்தார். முதல் சொல் சரியாக இருந்ததும் கண் அதற்கு மேல் போகவில்லை.

பெயருக்குக் கீழே ஒரு டிக் பெட்டி இருந்தது: `Save as favourite`. இனிமேல் இந்தக் கணக்குக்குத்தானே கட்டப்போகிறோம் என்று அதையும் தட்டினார். புனைபெயர் கேட்டது. “கிள்ளான் மிளகாய்” என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினார்.

முதலாளி அப்போது பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் இருந்தார். கைப்பேசி அதிர்ந்தது. திரையில் வந்தது தொகை, கணக்கின் கடைசி நான்கு இலக்கம், கீழே `Approve`. ஆயிரத்துச் சொச்சம்தானே என்று அழுத்தினார்.

விசாரணையில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்த இடத்தில்தான். அந்த ஒரு அழுத்தத்தில் இரண்டு முடிவுகள் நடந்துவிட்டன. ஒன்று, 1,180 ரிங்கிட் போகலாம். இன்னொன்று, இந்தக் கணக்குக்கு இனி ஒரு நாளைக்கு 20,000 வரை என்னைக் கேட்காமலே போகலாம். முதலாளியின் திரையில் முதல் முடிவு மட்டும்தான் எழுதியிருந்தது. ஃபேவரிட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நான் ஆயிரத்து நூறு வெள்ளிக்குத்தான் சரி சொன்னேன்லா, நாற்பத்தஞ்சாயிரத்துக்கு யார் சொன்னா?” என்று அவர் கேட்டது கோபத்தில் வந்த கேள்விதான், ஆனால் மிகச் சரியான கேள்வி.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது: பணம் கிடைத்தது, நன்றி. அனுப்பியது பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த அதே ஆள். சோதனைத் தொகை அனுப்பிப் பார்ப்பதில் உள்ள ஓட்டை இதுதான். எந்த வழியில் கணக்கு எண் வந்ததோ அதே வழியில் உறுதிமொழியும் வந்தால், சோதனை எதையும் சோதிக்கவில்லை.

அடுத்த மூன்று

பத்தாம் தேதி 14,350. பதினேழாம் தேதி 18,900. இருபத்து நான்காம் தேதி 11,240. மூன்றுமே அசல் பில்கள். சரக்கு உண்மையில் வந்து இறங்கியது. ஆர்டர், டெலிவரி ஆர்டர், பில் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. மாறியிருந்தது பிடிஎஃப்பின் அடியில் உள்ள கணக்கு எண் மட்டும். அதனால் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கணக்காய்வாளர் வந்திருந்தாலும் எல்லாம் ஒழுங்கு என்றுதான் எழுதியிருப்பார்.

வங்கியிலிருந்து செயல்பாட்டுப் பதிவை இறக்கிப் பார்த்தபோது நான்கு வரியும் அடுத்தடுத்து நின்றன. நான்காம் தேதி வரியில் முதலாளியின் ஒப்புதலும் நேரமும் இருந்தன. மற்ற மூன்றிலும் ஒப்புதல் பத்தியில் `NOT REQUIRED` என்று இருந்தது. மறுக்கப்பட்டது என்றோ தவறியது என்றோ இல்லை, தேவையில்லை. அமைப்பு தன் விதிப்படி சரியாகவே நடந்திருக்கிறது.

இரண்டாவது பட்டுவாடாவிலிருந்து இன்னொரு மாற்றமும் வந்தது, இதை முதலில் நானும் எதிர்பார்க்கவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டும்போது திரையில் பெரிதாகத் தெரிவது பதிவுப் பெயர் இல்லை, நாம் வைத்த புனைபெயர். ‘எண்டர்பிரைஸ்’ என்ற சொல் நான்காம் தேதிக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் “கிள்ளான் மிளகாய்” என்ற தங்கள் கைப்பட எழுதிய பெயர்தான். நாமே எழுதியதை நாம் சந்தேகப்படுவதில்லை.

வங்கிகளுக்கு மோசடி கண்டறியும் அமைப்புகள் பின்னணியில் ஓடுகின்றன, அவை ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். புதிய பெறுநர் என்பது அப்படிப்பட்ட அமைப்புகளுக்கு வலுவான அறிகுறி. ஒருமுறை பணம் போய், பெயரும் பட்டியலில் ஏறிவிட்டால் அந்த அறிகுறி மங்கிவிடும். 14,350 ரிங்கிட் புதியவருக்குப் போவதும் பழகியவருக்குப் போவதும் ஒன்றில்லை. அந்த 1,180 வாங்கிக் கொடுத்தது இந்தப் பழக்கத்தைத்தான்.

பட்டியல் எதை நம்புகிறது

முதலாளி, கணக்கு பார்ப்பவர் இருவரும் நினைத்திருந்தது, பட்டியலில் இருப்பது கிள்ளான் நிறுவனம் என்று. பட்டியலில் இருப்பது ஒரு வங்கியின் ஒரு கணக்கு எண். அந்த எண்ணுக்குப் பின்னால் யார், அவருக்கும் நமக்கும் என்ன கொடுக்கல் வாங்கல், எந்தப் பில்லுக்குப் பணம் போகிறது என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. கொண்டோ வாசலில் காவலர் காரின் எண்ணைப் பதிவில் பார்த்துத் தடுப்பைத் தூக்குகிறார் அல்லவா, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதில்லை. அதே கதைதான்.

டுயிட்நவ் அடையாளத்தைப் பட்டியலில் வைத்தால் இன்னொரு நுணுக்கம் சேர்கிறது. 2018-இல் வந்த இந்த முறையில் கைப்பேசி எண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ வணிகப் பதிவு எண்ணையோ ஒரு கணக்கோடு இணைக்கலாம். அதன் சொந்தக்காரர் விரும்பினால் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். அப்படி மாற்றினால் நம் பட்டியலில் எதுவும் மாறாது, பணம் மட்டும் வேறு கணக்கில் விழும். கைப்பேசி எண் என்றால் இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். வணிகப் பதிவு எண் என்றால் நிலைமை நேர்மாறு. கிள்ளான் நிறுவனத்தின் பதிவு எண்ணை அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கோடுதான் இணைக்க முடியும். எண்டர்பிரைஸ் பெயரில் கணக்கு வைத்திருக்கும் ஆள் அதைத் தன் கணக்கோடு சேர்க்க முடியாது. இந்தக் கடை கணக்கு எண்ணுக்குப் பதிலாகப் பதிவு எண்ணுக்குக் கட்டும் பழக்கம் வைத்திருந்தால், அந்த மின்னஞ்சலுக்கு வேலையே இருந்திருக்காது. சப்ளையர் தன் பதிவு எண்ணை டுயிட்நவ்வில் சேர்த்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இந்த விஷயத்தை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது என்பதால் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 2019 செப்டம்பர் 14 முதல் நடப்பில் உள்ள 2018/389 என்ற விதிமுறையின் 13-ஆம் பிரிவு நம்பகமான பெறுநர்களைப் பற்றியது. பட்டியலை உருவாக்கினாலும் திருத்தினாலும் வலுவான அடையாளச் சோதனை கட்டாயம். அதன் பிறகு பட்டியலில் உள்ளவருக்குப் போகும் பணத்துக்கு அந்தச் சோதனையை வங்கி விட்டுவிடலாம். விடலாம் என்றுதான் இருக்கிறது, விட வேண்டும் என்று இல்லை. சந்தேகம் வந்தால் வங்கி கேட்டுக்கொள்ளலாம். தொகை உச்சவரம்பு எதுவும் இந்தப் பிரிவில் கிடையாது. அதே விதிமுறையில் சிறு தொகை விலக்கு என்று இன்னொன்று உண்டு. அதற்கு ஒரு பட்டுவாடாவுக்கு 30 யூரோ என்ற கறாரான எல்லை இருக்கிறது. நம்பகமான பெறுநருக்கு எல்லை இல்லை, சிறு தொகைக்கு இருக்கிறது. சேர்க்கும்போது நடக்கும் சோதனையின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று இதிலிருந்தே தெரியும்.

அங்கே பட்டியலைத் தொடுவதைச் சட்டமே தனியாகக் குறிப்பிட்டுச் சோதனை கேட்கிறது. இந்தக் கடையின் ஆப்பில் அது பட்டுவாடாவோடு ஒட்டிக்கொண்ட ஒரு டிக். என்னைக் கேட்டால் இந்த வழக்கின் வேர் அந்த ஒட்டுதல்தான். அந்தப் பெண்ணின் கவனக்குறைவும் முதலாளியின் அவசரமும் அதற்குப் பிறகுதான்.

ஐரோப்பிய விதியால் பணம் திரும்பியிருக்குமா என்றால், அதுவும் சந்தேகம். வங்கி வலுவான சோதனையைக் கேட்காமல் விட்ட இடத்தில், வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று அங்கே சட்டம் உண்டு. ஆனால் இங்கே ஏமாந்து போனாலும் பணத்தை அனுப்பியது கடைக்காரர்களே. அனுமதி இல்லாத பட்டுவாடா வேறு, ஏமாற்றி வாங்கிய அனுமதி வேறு. இந்தக் கடையின் வங்கியும் அதே கோட்டில்தான் நின்றது.

தெரிய வந்த விதம்

மறுமாதம் இரண்டாம் தேதி கிள்ளானிலிருந்து மாதாந்திரக் கணக்கு அறிக்கை வந்தது. தபாலில். நான்கு பில்லும் பாக்கி என்று நின்றன. முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். “என்னப்பா, கட்டினதையே காட்டலையே?” மறுமுனையில் இருந்தவர், “அண்ணே, எங்க அக்கவுண்ட் மாறவே இல்லையே” என்றார்.

முப்பது நாள் கடன் என்பதால் கிள்ளான் தரப்பிலும் யாரும் அவசரப்பட்டுக் கேட்கவில்லை. மோசடிக்கு அது ஒரு மாத அவகாசம் கொடுத்தது. அன்றைக்கே 997-ஐக் கூப்பிட்டார்கள். தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் அது, 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது. காவல்துறையும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து இயங்குவதால் பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது துரத்த முடியும். ஆனால் அது பணம் போன சில மணி நேரத்தில்தான் பயன் தரும். கடைசிப் பட்டுவாடா நடந்தே எட்டு நாள் ஆகியிருந்தது. அந்தக் கணக்கில் சில நூறு ரிங்கிட்தான் எஞ்சியிருந்தது. காவல் புகார் கொடுத்தார்கள், விசாரணை நடக்கிறது.

காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்று முதலாளியின் மகன் கேட்டார். அந்தத் தளம் புகார் வந்த எண்களைத்தான் காட்டும். புதிதாகத் திறந்த கணக்கில் முதலில் ஏமாறுபவருக்கு அது சுத்தமாகவே தெரியும். பார்ப்பது நல்லது, பார்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது நல்லதில்லை.

பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது

இந்த நேரத்தில் கடையின் ஃபேவரிட் பட்டியல் முழுவதையும் சப்ளையர் பட்டியலோடு வைத்து ஒப்பிட்டேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். வேலையை விட்டுப்போன லாரி ஓட்டுநர் ஒருவர் இன்னும் இருந்தார். மூடிப்போன பை கடை இருந்தது. ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்குப் போகும் பணம் உரிமையாளரின் மனைவி பெயரில் உள்ள கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. விசாரித்தால் அது நேர்மையான விஷயம்தான், அவர்களே கேட்டுக்கொண்டது. வருமான வரிக் கணக்கில் தலைவலி கொடுக்கும் என்று மாற்றச் சொன்னேன், அது வேறு கதை.

இப்படிப் பழைய பெயர்கள் கிடப்பதில் வெளித் திருடனால் ஆபத்து குறைவு. ஆபத்து உள்ளே இருந்து வரும். கணக்கு பார்ப்பவரும் பட்டியலில் உள்ள ஒருவரும் கைகோத்தால் ஒரு நாளைக்கு 20,000 யாரும் கேட்காமல் போகும். இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, அவர் நல்லவர். அவர் இடத்துக்கு நாளைக்கு வேறொருவர் வருவார்.

இப்போது செய்வது

பட்டியலை ஒழித்துவிடலாம் என்றுதான் முதலாளி முதலில் சொன்னார். அது தவறாக முடியும் என்று தடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கேட்டால் மறுபடி ஃபெர்ரியில் நின்று பார்க்காமல் அழுத்துவார். மாறியது பட்டியலில் சேர்க்கும் விதம்தான்.

பட்டுவாடா செய்யும்போது அந்த டிக் பெட்டியை யாரும் தொடக்கூடாது. புதுக் கணக்கோ மாறிய கணக்கோ எதுவானாலும் முதல் சில பட்டுவாடா வழக்கமான ஒப்புதலோடு போகும். சேர்ப்பது வாரத்தில் ஒரு நாள், முதலாளி கடையில் உட்கார்ந்து, பட்டுவாடா எதுவும் நடக்காத நேரத்தில் தனி வேலையாகச் செய்வார். அதற்கு முன் சப்ளையரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். எண்ணை மின்னஞ்சலிலிருந்தோ புதுக் கடிதத்திலிருந்தோ எடுக்கக் கூடாது, கைப்பேசியில் பல வருடமாக இருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். கணக்கு எண்ணை நாம் வாசித்துக் காட்டிச் சரியா என்று கேட்கக் கூடாது. அவர்களை வாசிக்கச் சொல்லி நாம் கேட்டு ஒப்பிட வேண்டும். நாம் வாசித்தால் மறுமுனையில் வேலையில் இருப்பவர் கேட்காமலே “ஆமா ஆமா” என்பார். நானே மூன்று சப்ளையரிடம் இப்படி ஒரு இலக்கத்தை மாற்றி வாசித்துப் பார்த்தேன், இருவர் ஆமாம் என்றார்கள்.

புனைபெயர் வைக்கும் முறையும் மாறியது. இப்போது அதில் பதிவுப் பெயரின் கடைசிச் சொல்லும், தொலைபேசியில் உறுதி செய்த தேதியும் கட்டாயம். ‘எண்டர்பிரைஸ்’ என்று கைப்பட எழுதும்போதாவது ஒரு கணம் யோசிக்க வாய்ப்பு இருக்கிறது. தேதி இல்லாத பெயர் பட்டியலில் இருந்தால் அது உறுதி செய்யப்படாதது என்று பார்த்தவுடன் தெரியும்.

ஃபேவரிட் வரம்பை 20,000-லிருந்து 5,000-க்கு இறக்கினோம். கடையின் ஒரு வருடப் பட்டுவாடாவைப் பார்த்தபோது பெரும்பாலானவை அதற்குள் அடங்கின. மேலே போவது வாரத்துக்கு மூன்று நான்குதான், பெரும்பாலும் மிளகாய். அதற்கு மட்டும் முதலாளியின் கைப்பேசி அதிரும், அவரும் இப்போது பார்த்துத்தான் அழுத்துகிறார். இந்த வரம்பு அன்றே 5,000-ஆக இருந்திருந்தால் 14,350 பட்டுவாடா அவரிடம் வந்திருக்கும். அவர் பிடித்திருப்பாரா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் திரையிலும் நான்கு இலக்கம்தான் தெரிந்திருக்கும். ஆனால் இழப்பு 1,180-இல் நின்றிருக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இந்த மாற்றங்களால் தீராத ஒன்று உண்டு. சப்ளையரின் அசல் கணக்குக்குச் சரியாகப் பணம் போய், சப்ளையரே ஏமாற்றுபவராக இருந்தால் பட்டியலோ ஒப்புதலோ எதுவும் உதவாது. அது வியாபாரத்தின் ஆபத்து, வங்கித் திரையின் ஆபத்து இல்லை.

பணப் பிரச்சினை வங்கியோடு முடியவில்லை. கிள்ளான் நிறுவனத்துக்குப் பணம் போய்ச் சேராததால் கடன் தீர்ந்ததாக ஆகாது, நான்கு பில்லும் இன்னும் கட்ட வேண்டியவைதான். மறுபக்கம், மின்னஞ்சல் போனது அவர்களுடைய பெட்டியிலிருந்து. இரண்டு தரப்பும் வக்கீலைப் பார்க்காமல் உட்கார்ந்து பேசின. பழைய பழக்கம் அதற்கு உதவியது. ஒரு பகுதியைக் கிள்ளான் தள்ளுபடி செய்தது, மீதியைக் கடை பத்து மாதத் தவணையில் கட்டுகிறது. தவணை முழுவதும் வணிகப் பதிவு எண் வழியாகப் போகிறது. கிள்ளான்காரர்கள் அதை டுயிட்நவ்வில் சேர்த்தது இந்தப் பேச்சுக்குப் பிறகுதான். அந்தப் பதிவு எண்ணை ஃபேவரிட்டில் போட முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை. போடலாம், சரியான கணக்குதான் என்று நான் சொல்லிவிட்டேன்.